ரெஃபரல் கடிதத்தின் முதல் இரண்டு வரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாலுகா ஊர் ஒன்றில் பொது மருத்துவம் பார்க்கிறேன். கிளினிக்குக்கு வந்துபோகும் இளம் மருத்துவர்களும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நண்பர்களும் நோயாளியை ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பும்போது எழுதும் கடிதத்தைப் பற்றி என்னிடம் கேட்டவற்றைத் தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே நோயாளியை வைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். அவரை யாரும் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டேன். நாம் இந்தக் கடிதங்களை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம். எது முன்னால், எது பின்னால் என்று காட்டுவதற்காக இங்கே தமிழில் தருகிறேன்.

நோயாளியைப் பற்றி ஒன்று விடாமல் எழுதித்தான் அனுப்புகிறேன். அப்படியும் அங்கே போனால் "எதுக்கு அனுப்பினாங்க?" என்று நோயாளியிடமே கேட்கிறார்களாம். ஏன்?

ஒன்று விடாமல் எழுதியதுதான் காரணம். பெரிய மருத்துவமனை ஓ.பி.யில் உங்கள் கடிதத்தை முதலில் பிரிப்பவர் பெரும்பாலும் ஸ்பெஷலிஸ்ட் இல்லை, ஒரு பி.ஜி. மாணவர் அல்லது ஹவுஸ் சர்ஜன். எதிரே நோயாளி, பின்னால் வரிசை. அவர் கண் மேல் வரிகளில் ஓடும், அங்கே எதுவும் கிடைக்காவிட்டால் நிமிர்ந்து நோயாளியைக் கேட்டுவிடுவார். "ரத்தம் கம்மியாம் சார், எழுதிக் கொடுத்தாங்க" என்பார் நோயாளி. அந்த நிமிடத்திலிருந்து உங்கள் கடிதத்தின் வேலையை நோயாளியின் வாய் செய்கிறது.

எனக்கே இது நடந்திருக்கிறது. 58 வயதுக்காரர் ஒருவர். படியேறினால் மூச்சு வாங்குகிறது, உடம்பு அசதியாக இருக்கிறது என்று வந்தார். ஹீமோகுளோபின் 8.2. நான் எழுதிய கடிதம் இப்படித் தொடங்கியது: "நோன் கேஸ் ஆஃப் சர்க்கரை, ரத்த அழுத்தம், 10 வருடமாக. 5 மாதத்துக்கு முன் மாரடைப்பு, ஸ்டென்ட் வைக்கப்பட்டது. தற்போது அசதி, மூச்சு வாங்குதல். பசியின்மை இல்லை. காய்ச்சல் இல்லை." இப்படியே பதினான்கு வரி. அதற்கப்புறம் மாத்திரைப் பட்டியல். கடைசியில் "அனீமியா, ஃபார் எவாலுவேஷன் அண்ட் மேனேஜ்மென்ட்."

மூன்று வாரம் கழித்து அதே கடிதத்தோடு திரும்பி வந்தார். பின்பக்கத்தில் "இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒன்று, ஒரு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை" என்று இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் என் கடிதத்தையே ஒரு முறை படித்துப் பார்த்தேன். அனீமியா என்று எழுதி அனுப்பினேன், அனீமியாவுக்கு மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ரத்தம் எங்கே போகிறது என்று நான் எங்குமே கேட்கவில்லை.

"கருத்துக்காகவும் மேல்சிகிச்சைக்காகவும்" என்று எழுதுகிறோமே, அது கேள்வி இல்லையா?

இல்லை, அது வாசல் வரை கொண்டுபோய் விடும் சீட்டு. தோல் நோய்க்கும் அதையே எழுதலாம், இதய நோய்க்கும் அதையே எழுதலாம். எந்த நோயாளிக்கும் பொருந்துகிற வாக்கியத்தில் இந்த நோயாளியைப் பற்றி ஒன்றும் இருக்காது.

கேள்வி என்றால் அதற்குப் பதில் இருக்க வேண்டும். அந்தப் பதில் வந்ததும் உங்கள் மேசையில் ஏதாவது மாற வேண்டும். கடிதம் எழுதுமுன் நான் இப்படி நினைத்துப் பார்ப்பேன்: ஸ்பெஷலிஸ்ட் இப்போது போனில் கிடைத்துவிட்டார், ஆனால் முப்பது விநாடிதான் பேசுவார். நான் என்ன கேட்பேன்? போனில் யாரும் "நோன் கேஸ் ஆஃப்" என்று ஆரம்பிக்க மாட்டோம். "சார், ஒருத்தருக்கு ஃபெரிட்டின் எட்டு, வயசு அம்பத்தெட்டு, மேலயும் கீழயும் ஸ்கோப் பண்ணணும், ஆனா ஸ்டென்ட் வெச்சு அஞ்சு மாசம்தான் ஆச்சு, எப்ப அனுப்பட்டும்?" என்றுதான் கேட்போம். வாயால் சரியாகக் கேட்கிறோம், பேனாவை எடுத்ததும் கேஸ் ஷீட் எழுதத் தொடங்கிவிடுகிறோம்.

நம்மைப் போன்றவர்கள் அனுப்புகிற கேள்விகளில் பெரும்பாலானவை நான்கு வகைக்குள் வந்துவிடும். இது என்ன நோய்? இந்தப் பரிசோதனையை அல்லது அறுவையைச் செய்து தருவீர்களா? நான் கொடுக்கும் சிகிச்சை சரியா, மாற்றவா? இனி இவரை நீங்களே பார்த்துக்கொள்வீர்களா? இவற்றில் எது என்று உங்களுக்குள் தீர்மானமாகிவிட்டால் முதல் வரி பாதி எழுதியாகிவிட்டது.

அந்த 58 வயதுக்காரருக்குத் திரும்ப எழுதிய கடிதம் எப்படித் தொடங்கியது?

இந்த முறை பொது மருத்துவ ஓ.பி.க்கு அனுப்பாமல் குடல் நோய்ப் பிரிவுக்கு எழுதினேன். மேலே இவ்வளவுதான்:

"58 வயது ஆண், இரும்புச்சத்துக் குறைவால் அனீமியா: ஹீமோகுளோபின் 6 மாதத்தில் 12.6-லிருந்து 8.2, ஃபெரிட்டின் 8. குடலில் ரத்தம் கசியும் இடம் எது என்று கண்டுபிடிக்க எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி இரண்டையும் 2 வாரத்துக்குள் செய்து தர வேண்டுகிறேன்.

மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து 5 மாதம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் எடுக்கிறார். இதய மருத்துவரைக் கேட்காமல் இவற்றை நிறுத்த வேண்டாம்."

தாளில் எழுதும்போது இது இரண்டு வரியில் அடங்காமல் நான்காகலாம். இரண்டு வரி என்று நான் சொல்வது இரண்டு செய்தியை: என்ன வேண்டும், எதில் ஜாக்கிரதை.

முதலில் "அனீமியா" என்ற சொல்லைப் பாருங்கள். அது மட்டும் இருந்தால் படிப்பவர் மனதில் பல கதவுகள் திறக்கும். பி12 குறைவா, சிறுநீரகமா, தலசீமியா ட்ரெய்ட்டா, வேறு நாள்பட்ட நோயா? "இரும்புச்சத்துக் குறைவு" என்று எழுதி, பக்கத்திலேயே ஃபெரிட்டின் 8 என்று சேர்த்துவிட்டால் ஒரே கதவுதான் மிச்சம். சிவப்பணு சிறுத்திருக்கிறது என்று மட்டும் எழுதினால் போதாது, தலசீமியா ட்ரெய்ட்டிலும் அது சிறுத்துத்தான் இருக்கும். ஃபெரிட்டின் இவ்வளவு கீழே இருந்தால் இரும்பு தீர்ந்துவிட்டது என்பதில் சந்தேகமில்லை. இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும். அதனால் ஃபெரிட்டின் 60 என்று வந்து சி.ஆர்.பி.யும் கூடியிருந்தால், இரும்புச்சத்துக் குறைவு என்று முதல் வரியில் அடித்துச் சொல்லாதீர்கள். "இருக்கலாம்" என்றுதான் எழுத வேண்டும்.

வயதும் பாலினமும் முதல் வரியில் இருப்பது மரியாதைக்காக இல்லை. அதிக உதிரப்போக்கு உள்ள 25 வயதுப் பெண்ணுக்கு இதே ஃபெரிட்டின் 8 வந்தால் கேள்வி வேறு, அனுப்பும் பிரிவும் வேறு. ஐம்பது வயதைத் தாண்டிய ஆணுக்கு வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை குடலில்தான் தேட வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் அப்படியே. "58 வயது ஆண், ஃபெரிட்டின் 8" என்ற சொற்களைப் படித்ததும் குடல் மருத்துவருக்கு மீதிக் கடிதம் பாதி புரிந்துவிடும்.

"6 மாதத்தில் 12.6-லிருந்து 8.2" என்பது இன்னொரு சங்கதி. 8.2 என்ற ஒற்றை எண் ஒரு போட்டோ மாதிரி. பத்து வருடமாக 8.2-லேயே இருப்பவரும் இருக்கிறார், ஆறு மாதத்தில் சரிந்தவரும் இருக்கிறார். எவ்வளவு சீக்கிரம் பார்க்க வேண்டும் என்பதை அந்த இறக்கம்தான் சொல்கிறது. பழைய ரிப்போர்ட் ஸ்டென்ட் வைத்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது. முதல் முறை நான் அதைப் புரட்டவே இல்லை.

ஸ்டென்ட் விஷயம் பழைய நோய் வரலாறுதானே? அதை ஏன் மேலே கொண்டுவந்தீர்கள்?

பழைய நோய்தான். ஆனால் அந்த ஓ.பி. மேசையில் அன்றைக்கே கெடுதல் செய்யக்கூடியது. ஸ்கோப் செய்துகொள்ளப் போகிறவருக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஓடுகிறது என்று தெரிந்தால், யாராவது ஒருவர் வழக்கப்படி "ஏழு நாள் நிறுத்திட்டு வாங்க" என்று சொல்லிவிட வாய்ப்புண்டு. மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து 5 மாதமே ஆனவர் இரண்டு மாத்திரையையும் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடலாம். குடலில் கசியும் ரத்தத்தைத் தேடப்போய் இதயத்தை இழக்கக் கூடாது.

உள்ளே விட்டுப் பார்ப்பதற்கும் சிறு சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவதற்கும் பொதுவாக இந்த மாத்திரைகளை நிறுத்த வேண்டியதில்லை. பெரிய பாலிப் எதையாவது அறுத்து எடுக்க வேண்டி வந்தால்தான் குளோபிடோக்ரெலைப் பற்றிய கேள்வி எழும். அதை இதய மருத்துவரும் குடல் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். நான் அதை முடிவு செய்யவில்லை, அவர்கள் பேச வேண்டிய இடம் இது என்று மேலே காட்டிவிட்டேன்.

இரண்டாவது வரிக்கு என் உரைகல் இதுதான்: இந்தத் தகவலை அவர் படிக்காமல் விட்டால், வழக்கமாகச் செய்வதையே செய்தால், நோயாளிக்குக் கேடு வருமா? வரும் என்றால் மேலே போகட்டும். வார்ஃபரின் சாப்பிடுகிறார், கர்ப்பமாக இருக்கிறார், கிரியாட்டினின் 3 இருக்கும்போது கான்ட்ராஸ்ட் ஸ்கேனுக்குப் போகிறார் என்பவை எல்லாம் இந்த ரகம். அவருடைய சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இந்த ரகம் இல்லை, கீழே இருந்தால் போதும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் முறை உட்கார்ந்து விசாரித்தபோது, முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கி நான்கு மாதமாகத் தினமும் போடுகிறார் என்று தெரிந்தது. ஆஸ்பிரினோடு இதுவும் சேர்ந்தால் இரைப்பையில் புண் வர நல்ல வாய்ப்பு. இதை மேலே எழுதத் தோன்றும், நானும் எழுதப் போனேன். ஆனால் இது பதிலுக்கான துப்பு, கேள்வி இல்லை. மேலே எழுதினால் படிப்பவர் "சரி, மாத்திரையால் வந்த அல்சர்" என்று மனதுக்குள் கேஸை மூடிவிடுவார், கொலனோஸ்கோபி தள்ளிப்போகும். மூன்றாவது வரியில் எழுதினேன்.

"நோன் கேஸ் ஆஃப்" என்றுதானே காலேஜில் தொடங்கச் சொல்லிக் கொடுத்தார்கள்?

காலேஜில் சொல்லிக் கொடுத்தது கேஸ் ஷீட். என்ன நோய் என்று தெரியாமல் தேடிக்கொண்டு போகிறவனுக்கு அந்த வரிசை. கடிதம் எழுதும்போது நீங்கள் ஏற்கெனவே தேடி ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்கள், அல்லது எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்பது தெரியும். தேடிய வழியையே படிப்பவரையும் நடக்க வைக்க வேண்டாம். இரண்டு வரிக்குக் கீழே உங்கள் விருப்பப்படி எழுதுங்கள். நான் முதலில் என்ன செய்து பார்த்தேன் என்று எழுதுவேன், பிறகு பரிசோதனை முடிவுகள், கடைசியில் பழைய நோய்களும் மாத்திரைகளும்.

எனக்கே என்ன நோய் என்று தெரியவில்லை. தெரியாததை எப்படிக் கேள்வியாக்குவது?

தெரியாததையே எழுதுங்கள், எந்த இடத்தில் தெரியாமல் போயிற்று என்று. "எடை குறைவு, மேல் பரிசோதனைக்காக" என்பதில் ஒன்றுமில்லை. "46 வயதுப் பெண், 4 மாதத்தில் 9 கிலோ குறைந்திருக்கிறார், சர்க்கரை, தைராய்டு, எச்.ஐ.வி., மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் எல்லாம் சரியாக உள்ளன. அடுத்து எங்கே தேட வேண்டும்?" என்பது நேர்மையான, நல்ல கேள்வி. படிப்பவர் அதே பரிசோதனைகளை மறுபடி எழுதாமல் அடுத்த படியிலிருந்து தொடங்குவார். தெரியாது என்று எழுதினால் கௌரவம் குறையும் என்று சின்ன வயதில் நினைத்தேன். இப்போது எனக்கு வரும் கடிதங்களில் அப்படி எழுதியவர்களைத்தான் அதிகம் நம்புகிறேன்.

எல்லாவற்றுக்கும் "அவசரம்" என்று சிவப்பு மையில் எழுதினால்தான் பார்க்கிறார்கள். தப்பா?

கொஞ்ச நாள் வேலை செய்யும். அப்புறம் உங்கள் லெட்டர்ஹெட்டைப் பார்த்தாலே "இவர் எல்லாத்துக்கும் இப்படித்தான்" என்று ஆகிவிடும். அவசரம் என்ற சொல்லுக்குப் பதில் நாளையும் காரணத்தையும் எழுதுங்கள். "2 வாரத்துக்குள், ஏனெனில் ஹீமோகுளோபின் 6 மாதத்தில் 4 கிராமுக்கு மேல் இறங்கிவிட்டது" என்றால் படிப்பவரால் அதை ஒப்புக்கொள்ளவும் முடியும், மறுக்கவும் முடியும். "இன்றைக்கே" என்று எழுதினால் இன்றைக்கு மட்டும் நடக்கக்கூடியது என்ன என்று சொல்லுங்கள். இவருக்கு நாடித்துடிப்பு 92, ரத்த அழுத்தம் 120/70, மலம் கறுப்பாகப் போகவில்லை, உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வாங்கவில்லை. அதனால்தான் இன்றைக்கே என்று எழுதாமல் 2 வாரம் என்று எழுதினேன். மலம் தார் போலப் போயிருந்தால் கடிதமே எழுதியிருக்க மாட்டேன், வண்டியை வரச் சொல்லியிருப்பேன்.

கறுப்பு மலம் பற்றிக் கேட்கும்போது இரும்புச்சத்து மாத்திரை எப்போது தொடங்கியது என்றும் கேளுங்கள். அந்த மாத்திரையே மலத்தைக் கறுப்பாக்கும். கொலனோஸ்கோபிக்கு ஒரு வாரம் முன்பு அதை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் குடல் சுத்தமாகாமல் உள்ளே பார்ப்பது கஷ்டம். அந்த ஒரு வாரத்தையும் நான் கணக்கில் வைத்தேன்.

நிஜமான எமர்ஜென்சியில், 108 வாசலில் நிற்கும்போது இதெல்லாம் எழுத நேரமேது?

அங்கே இரண்டு வரிதான் மொத்தக் கடிதமே. அதுவும் நேரங்களால் ஆனது. நெஞ்சுவலி என்றால்: வலி தொடங்கியது காலை 6.40, ஈ.சி.ஜி. எடுத்தது 7.25, எஸ்.டி. எலிவேஷன் எங்கே, ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் எத்தனை மில்லிகிராம், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டீர்களா, எத்தனை மணிக்கு. கேள்வி ஒரு சொல்லில் முடியும்: "ஆஞ்சியோ." பக்கவாதம் என்றால் வாய் கோணியதைக் கண்டுபிடித்த நேரத்தை எழுத வேண்டாம். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை எழுதுங்கள். "காலையில எழுந்தப்பவே இப்படித்தான் இருந்தாரு" என்று வீட்டில் சொன்னால், இரவு எத்தனை மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தார் என்று கேட்டு அதைத்தான் போட வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் ஓடுகிறது. தாளை வண்டியில் கொடுத்துவிட்டுப் போனிலும் சொல்லிவிடுங்கள்.

ஒரே ஆளுக்கு மூன்று பிரச்சினை. மூன்றையும் முதல் வரியிலேயே கேட்கலாமா?

மூன்று பிரிவுக்கு மூன்று கடிதம். ஒரே பிரிவுக்கு இரண்டு கேள்வி என்றால், தேதியை முடிவு செய்கிற கேள்வி முன்னால் வரட்டும். முழங்கால் வலியையும் போகிற போக்கில் சேர்த்துவிடலாம் என்று கை அரிக்கும். சேர்த்தால் அங்கே முழங்காலுக்குத்தான் மாத்திரை கிடைக்கும், ஏனென்றால் அதுதான் சுலபம்.

கவரைப் பிரித்து நோயாளியே படித்துவிடுகிறார். புற்றுநோய் சந்தேகத்தை மேலே எப்படி எழுதுவது?

இதற்குச் சுலபமான பதில் இல்லை. நம் ஊரில் கடிதம் தபாலில் போவதில்லை. பிளாஸ்டிக் கவரில் எக்ஸ்ரேயோடு நோயாளியின் மடியில்தான் போகிறது. போகிற வழியில் பஸ்ஸில் மகன் படிப்பான், படித்த பக்கத்து வீட்டுப் பெண் படிப்பாள். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்று மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொள்வதும் வழக்கம்தான்.

நான் வைத்திருக்கும் முறை: கடிதத்தில் எழுதப்போவதை எழுதுமுன்பே நோயாளியிடம் சொல்லிவிடுவது. இவரிடம் இப்படிச் சொன்னேன்: "ஐயா, ரத்தம் எங்கயோ கசியுது. புண்ணா இருக்கலாம், சின்னக் கட்டியா இருக்கலாம், உங்க வயசுக்கு புத்து இருக்கான்னும் பாத்துடணும். அதுக்குத்தான் அனுப்புறேன்." சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "பாத்துட வேண்டியதுதான்" என்றார். அதற்கப்புறம் கடிதத்தில் ஒளிக்க ஒன்றுமில்லை.

குடும்பம் கெஞ்சிக் கேட்கிறது, நோயாளியும் "நீங்களே பாத்துக்கங்க, எனக்கு விவரம் வேண்டாம்" என்கிறார் என்றால், நோயின் பெயரை எழுதாமலும் கேள்வியைத் தெளிவாகக் கேட்கலாம். என் இரண்டு வரியில் அந்தச் சொல் இல்லையே. 58 வயது, ஃபெரிட்டின் 8, இரண்டு ஸ்கோப், 2 வாரம் என்பதைப் பார்த்தாலே குடல் மருத்துவருக்குப் புரியும். ஆனால் சொல்லை மறைக்கிறேன் என்று அடையாளத்தை மறைத்துவிடாதீர்கள். 9 கிலோ எடைக் குறைவை "பலவீனம்" என்று மென்மையாக்கி எழுதினால் படிப்பவரும் மென்மையாகத்தான் எடுத்துக்கொள்வார். பழைய சுருக்கெழுத்துகளில் ஒளித்து எழுதும் பழக்கமும் எனக்குப் பிடிக்காது. இன்று போனில் தட்டினால் அரை நிமிடத்தில் அர்த்தம் வந்துவிடும். அப்போது நோயின் பயத்தோடு, டாக்டர் ஏமாற்றிவிட்டார் என்ற வருத்தமும் சேரும்.

அவர் பெரிய சீனியர். "இதைச் செய்யுங்கள்" என்று முதல் வரியிலேயே எழுதினால் கோபப்பட மாட்டாரா?

ஒருவர் கோபப்பட்டார், இருபது வருடத்தில். மற்றவர்களுக்கு நிம்மதிதான். மரியாதை வேண்டும் என்றால் "மதிப்பிற்குரிய ஐயா" என்று மேலே எழுதுங்கள், "வேண்டுகிறேன்" என்று முடியுங்கள். அதற்காகக் கேள்வியை ஏழாவது வரிக்குத் தள்ள வேண்டாம். அவருக்கு வேறு யோசனை தோன்றினால் மாற்றிச் செய்வார், அதற்குத்தானே அவரிடம் அனுப்புகிறோம். "ஆவன செய்யவும்" என்று எழுதுவதுதான் எனக்கு மரியாதைக் குறைவாகப் படுகிறது. யோசிக்கிற வேலையையும் அவர் தலையில் போட்டுவிட்டுக் கும்பிடுவது போல.

அனுப்புமுன் இந்த இரண்டு வரி சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மீதியைக் கையால் மறைத்துவிட்டு, மேலிருப்பதை மட்டும் உங்கள் நர்ஸிடம் காட்டுங்கள். எந்த ஓ.பி., எப்போது போக வேண்டும், அங்கே என்ன செய்யப்போகிறார்கள், எதில் ஜாக்கிரதை என்று அவர் சொல்லிவிட்டால் அனுப்பலாம். எங்கள் நர்ஸ் அக்கா என் முதல் கடிதத்தைப் பார்த்துவிட்டு "ஹார்ட் டாக்டர்கிட்டயா சார்?" என்று கேட்டார். ஸ்டென்ட், மாரடைப்பு என்று தொடங்கியிருந்ததல்லவா.

அனுப்பிய பின் தெரிந்துகொள்ள வழி, வரும் பதிலைப் பார்ப்பதுதான். நீங்கள் செய்த பரிசோதனைகளையே திரும்பச் செய்திருந்தால், என்ன செய்து பார்த்தீர்கள் என்பது கண்ணில் படவில்லை. "அதே மருந்தைத் தொடரவும்" என்று வந்தால் கேள்வி கண்ணில் படவில்லை. வேறு நோய்க்குப் பதில் வந்திருந்தால் தவறான செய்தி மேலே இருந்திருக்கிறது. பதிலே வராததும் உண்டு, அதற்குக் கடிதம் மட்டும் காரணம் இல்லை. பின்பக்கத்தைக் காலியாக விட்டு, "பதிலை இங்கேயே எழுதினால் போதும்" என்று ஒரு வரியும் என் போன் நம்பரும் போட ஆரம்பித்த பிறகு முன்பைவிட நிறையப் பதில்கள் வருகின்றன.

கடைசியில் அவருக்கு என்ன ஆயிற்று?

பதினோராவது நாள் இரண்டு ஸ்கோப்பும் ஒரே அமர்வில் நடந்தன, இரண்டு மாத்திரையையும் நிறுத்தாமல். இரைப்பையின் அடிப்பகுதியில் ஒரு புண், பயாப்சியில் புற்று இல்லை, எச். பைலோரி கிருமி இருந்தது. மேலே புண் கிடைத்ததும் "காரணம் தெரிந்துவிட்டது" என்று அத்தோடு நிறுத்திக்கொள்வது நடக்கக்கூடியதுதான். இந்த வயதில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்பதால்தான் இரண்டையும் ஒரே வரியில் கேட்டிருந்தேன். பெருங்குடலில் ஒரு பாலிப் இருந்தது. கடிதத்தின் பின்பக்கத்தில் குடல் மருத்துவர் எழுதியிருந்தார்: "பாலிப்பை இப்போது எடுக்கவில்லை. இதய மருத்துவரிடம் பேசினேன், ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் முடிந்து குளோபிடோக்ரெலை நிறுத்தியதும் அனுப்பவும்."

டைக்ளோஃபெனாக்கை நிறுத்தினோம். கிருமிக்கு 14 நாள் மருந்து, புண்ணுக்குப் பான்டோப்ரசோல், அதோடு இரும்புச்சத்து மாத்திரை. குளோபிடோக்ரெலோடு ஒமிப்ரசோல் வேண்டாம் என்பதால் பான்டோப்ரசோல். இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.4. பாலிப்பை எடுக்க ஏழு மாதம் கழித்து மறுபடி ஒரு கடிதம் எழுதினேன். அதன் முதல் வரி: "59 வயது ஆண், சென்ற வருடம் நீங்கள் விட்டுவைத்த பாலிப்பை எடுக்க அனுப்புகிறேன், குளோபிடோக்ரெல் இதய மருத்துவரின் சம்மதத்தோடு நிறுத்தி 8 நாள், ஆஸ்பிரின் தொடர்கிறது."